ஈயத்துக்கு ஒரு பிடி, ஆர்செனிக்குக்கு வேறு பிடி

கேள்வி: ஈயம் மூளைவரை போன குழந்தைக்கு முதலில் டைமெர்காப்ரால் ஊசி, நான்கு மணி நேரம் கழித்துத்தான் கால்சியம் இடிடிஏ என்று பாடத்தில் வருகிறது. ஏன் அந்த வரிசை? இரண்டும் உலோகத்தைப் பிடிக்கும் மருந்துதானே? ஆர்செனிக்குக்கு மட்டும் இடிடிஏ கிடையாது என்கிறார்களே, அது ஏன்? ஒவ்வொன்றும் எப்படிப் பிடிக்கிறது என்று புரியும்படி சொல்லுங்கள்.

பதில்:

மூன்று கேள்விக்கும் வேர் ஒன்றுதான். உலோகத்தைப் பிடிக்கும் இந்த மருந்துகளைக் கொடுக்கிணைப்பி என்பார்கள். ஒரு கொடுக்கிணைப்பி உலோகத்தை எந்த அணுவால் பிடிக்கிறது, உடம்பில் எந்த இடம்வரை அதனால் போக முடிகிறது என்ற இரண்டையும் தெரிந்துகொண்டால் வரிசையும் விலக்கும் தானாக விளங்கிவிடும். ஆர்செனிக்கிலிருந்து தொடங்குகிறேன். இந்த மருந்துக் குடும்பமே அதற்காகப் பிறந்ததுதான்.

லூயிசைட் என்பது ஆர்செனிக் கலந்த போர் நஞ்சு. தோலில் பட்டால் கொப்புளம் போடும். இரண்டாம் உலகப் போரில் அதை யாராவது வீசிவிடுவார்களோ என்ற அச்சத்தில், ஆக்ஸ்ஃபோர்டில் ருடால்ஃப் பீட்டர்ஸ் குழுவினர் மாற்று மருந்து தேடினார்கள். பீட்டர்ஸ் அதற்கு முன் பல ஆண்டுகள் வைட்டமின் பி1 குறைந்த புறாக்களின் மூளையில் பைருவேட் ஏன் தேங்குகிறது என்று ஆராய்ந்தவர். ஆர்செனிக் பட்ட திசுவிலும் அதே பைருவேட் எரிப்புதான் தடைப்படுகிறது என்பதை அவரால் கண்டுகொள்ள முடிந்ததற்கு அந்தப் பழக்கம் ஒரு காரணம்.

பைருவேட்டை எரிக்கும் நொதித் தொகுதியில் லிபோயிக் அமிலம் என்றொரு துணைப் பொருள் இருக்கிறது. (பீட்டர்ஸ் வேலை செய்த காலத்தில் அதற்குப் பெயர்கூட வைக்கப்படவில்லை.) ஒடுக்கப்பட்ட நிலையில் அதன் நுனியில் இரண்டு கந்தகக் கைகள், அதாவது –SH தொகுதிகள், பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். மூவிணைதிற ஆர்செனிக்குக்குக் கந்தகத்தின்மேல் தீராத பசி. இரண்டு கந்தகத்தையும் ஒருசேரப் பற்றிக்கொண்டு வளையமாகிவிடும். நொதி பூட்டுப் போட்டதுபோல நின்றுவிடும், செல்லுக்கு ஆற்றல் வராது.

கந்தகம் தேடுகிற நஞ்சுக்குக் கந்தகத்தையே கொடுத்துத் திசைதிருப்பலாமே என்பதுதான் முதலில் வந்த எண்ணம். ஒரே ஒரு –SH உள்ள பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. ஆர்செனிக் ஏறிய கெரட்டின் புரதத்தை ஆராய்ந்தபோதுதான் ஒரு ஆர்செனிக் அணு பெரும்பாலும் இரண்டு கந்தகங்களைப் பிடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அப்படியானால் மருந்திலும் அடுத்தடுத்த கார்பன்களில் இரண்டு –SH இருக்க வேண்டும். ஸ்டாக்கனும் தாம்ப்சனும் செய்த 2,3-டைமெர்காப்டோபுரோப்பனால் அப்படி வந்தது. அதுதான் டைமெர்காப்ரால். போர்க்கால ரகசியமாக இருந்து 1945இல் வெளியானது. 'பிரிட்டிஷ் லூயிசைட் எதிர்மருந்து' என்ற ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'பால்' என்று சொல்லும் வழக்கம் இன்றும் மருத்துவமனைகளில் உண்டு.

மருந்து நொதியை வெல்வது எப்படி என்பதை ஒரு எண்ணிக்கையால் புரிந்துகொள்ளலாம். லிபோயிக் அமிலத்தில் இரண்டு கந்தகங்களுக்கும் நடுவே மூன்று கார்பன்கள். ஆர்செனிக் சேர்ந்தால் ஆறு அணு வளையம். டைமெர்காப்ராலில் நடுவே இரண்டே கார்பன்கள். எனவே ஆர்செனிக், கந்தகம், கார்பன், கார்பன், கந்தகம் என்று ஐந்து அணு வளையம். ஐந்து அணு வளையம் ஆர்செனிக்குக்கு இன்னும் இறுக்கமான இருக்கை. ஆகவே அது நொதியை விட்டு மருந்துக்குத் தாவுகிறது. ஒரு –SH உள்ள மருந்து தோற்றதும் இதனால்தான். ஒரு கை நழுவினால் பிடி போச்சு. இரண்டு கை இருந்தால் ஒன்று நழுவினாலும் மற்றது பிடித்துக்கொண்டிருக்கும், நழுவிய கை திரும்ப வந்து சேர்ந்துவிடும். நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இந்த மருந்துவகைக்குப் பெயர் வைத்ததும் அந்த இரட்டைப் பிடியை வைத்துத்தான்.

இனி இடிடிஏவுக்கு வருவோம். அதில் கந்தகமே கிடையாது. இரண்டு நைட்ரஜன், நான்கு கார்பாக்சிலேட் ஆக்சிஜன், ஆக மொத்தம் ஆறு பிடிகள். நேர்மின்னேற்றம் கொண்டு தனித்து நிற்கும் உலோக அயனியை ஆறு பக்கமும் சூழ்ந்து ஐந்து வளையங்களால் கூண்டு கட்டிவிடும். ஈயம் இரத்தத்திலும் எலும்பிலும் Pb²⁺ அயனியாகத்தான் பேசப்படுகிறது. அது கந்தகத்தையும் விரும்பும், நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் விரும்பும், இரண்டுங்கெட்டான். எனவே இடிடிஏவிடமும் மாட்டும், கந்தக மருந்துகளிடமும் மாட்டும்.

ஆர்செனிக்கோ உடல் நீரில் உலோக அயனியாக இருப்பதே இல்லை. மூவிணைதிற ஆர்செனிக் நீரில் As(OH)₃ என்ற மின்னேற்றமற்ற மூலக்கூறாக மிதக்கிறது. நேர்மின்னேற்றம் உள்ள அயனிக்காகக் கட்டிய கூண்டில் அது எதற்கு நுழைய வேண்டும்? கந்தகத்தோடு மட்டும்தான் ஆக்சிஜனை விட்டுவிட்டு அது உறுதியாகப் பிணையும். 'ஆர்செனிக்குக்கு இடிடிஏ கிடையாது' என்பதற்குப் பின்னால் உள்ள வேதியியல் இவ்வளவுதான். ஐயிணைதிற ஆர்செனேட் கந்தகத்தையும் நேரடியாகப் பிடிக்காது. உடம்பு அதை மூவிணைதிறமாக ஒடுக்கிய பிறகே இந்த மருந்துகளுக்கு வேலை.

இடிடிஏவை ஏன் கால்சியம் உப்பாகக் கொடுக்க வேண்டும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், தவறினால் உயிர் போகிற இடம் அது. பிடி எவ்வளவு இறுக்கம் என்பதைக் காட்டும் எண் நிலைப்பு மாறிலி. இடிடிஏ கால்சியத்தைப் பிடிப்பதில் அதன் மடக்கை சுமார் 10.7, ஈயத்துக்குச் சுமார் 18. வித்தியாசம் ஏழு படி, அதாவது ஒரு கோடி மடங்குக்கும் மேல். ஆகவே கால்சியத்தை ஏந்திக்கொண்டே உள்ளே போகும் இடிடிஏ, ஈயத்தைக் கண்டதும் கால்சியத்தைப் போட்டுவிட்டு ஈயத்தை எடுத்துக்கொள்ளும். இரத்தக் கால்சியத்தில் அது கை வைக்காது, ஏற்கெனவே கை நிறைந்திருக்கிறது. வெறும் டைசோடியம் இடிடிஏவில் அந்த இடம் காலி. நரம்பில் ஏறியதும் இரத்தத்தில் நிரம்பக் கிடக்கும் கால்சியத்தை வாரிக்கொள்ளும், இதயம் நின்றுபோகும். அமெரிக்காவில் 2003 முதல் 2005 வரையிலான காலத்தில் கொடுக்கிணைப்புச் சிகிச்சையின்போது கால்சியம் சரிந்து நேர்ந்த மூன்று இறப்புகள் பதிவாகியுள்ளன. அவற்றில் ஒன்று டெக்சாஸில் ஈய நஞ்சுக்காகச் சேர்க்கப்பட்ட இரண்டு வயதுக் குழந்தை. கால்சியம் உப்புக்குப் பதிலாக டைசோடியம் உப்பு ஏற்றப்பட்டது. குப்பியில் CaNa₂EDTA என்று இருக்க வேண்டும். Na₂EDTA என்று மட்டும் இருந்தால் அது வேறு மருந்து. மருந்துச் சீட்டில் 'இடிடிஏ' என்று மொட்டையாக எழுதுவதைப் போல ஆபத்தான சோம்பல் இந்தத் துறையில் வேறில்லை.

நிலைப்பு மாறிலியை மட்டும் வைத்து மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியாது என்பதற்கும் ஒரு சான்று சொல்கிறேன். சோதனைக் குழாயில் இடிடிஏ பாதரசத்தை ஈயத்தைவிட இறுக்கமாகப் பிடிக்கிறது. ஆனாலும் பாதரச நஞ்சுக்கு அது உதவாது. உடம்பில் பாதரசம் புரதங்களின் கந்தகத்தோடு ஒட்டிக்கொண்டு செல்லுக்குள் கிடக்கிறது, இடிடிஏ செல்லுக்கு வெளியே நிற்கிறது. பிடி எவ்வளவு வலுவாக இருந்தாலும் கை எட்ட வேண்டுமே.

'எட்டுவது' என்ற இந்த விஷயம்தான் உங்கள் முதல் கேள்விக்கான விடை. நான்கு எதிர்மின்னேற்றக் கைகளோடு இருக்கும் இடிடிஏவுக்குக் கொழுப்புப் படலம் கடக்க வராது. செல்லுக்குள் போகாது, மூளைக்குள்ளும் போகாது. செல்லுக்கு வெளியேயுள்ள நீரில் சுற்றி, ஒரு நாளுக்குள் ஏறக்குறைய முழுவதும் சிறுநீரில் வெளியேறிவிடும். அது இழுத்துக்கொண்டு போகும் ஈயம் முக்கியமாக எலும்பிலிருந்து வருவது. எலும்பில் அசைந்துகொண்டிருக்கும் ஈயம் பிளாஸ்மாவுக்கு வந்து, அங்கிருந்து ஒரு பகுதி மென்திசுக்களுக்கும் நகரும். கோரி-ஸ்லெக்டா குழுவினர் 1987இல் எலிகளில் காட்டியது இதைத்தான்: இடிடிஏ ஒரு ஊசி போட்ட பிறகு மூளையில் ஈயம் கூடியது. ஏற்கெனவே மூளை வீங்கி வலிப்பு வந்துகொண்டிருக்கும் குழந்தைக்கு அந்தச் சிறிய ஏற்றமே போதும், நிலைமை கைமீறிப் போக.

டைமெர்காப்ரால் இதற்கு நேர் எதிர். கொழுப்பில் கரையும் சிறிய மூலக்கூறு. சிவப்பணுவுக்குள் போகும், மூளைக்குள்ளும் போகும். இரத்தத்திலுள்ள ஈயத்தில் ஏறத்தாழ 99 விழுக்காடு சிவப்பணுவுக்குள்தான் இருக்கிறது என்பதை நினைவில் வைத்தால் இது எவ்வளவு பெரிய வசதி என்று தெரியும். பிடித்த ஈயத்தைச் சிறுநீரில் மட்டுமின்றிப் பித்தநீர் வழியாகவும் வெளியேற்றும். எனவே டைமெர்காப்ராலை முதலில் திசுக்களில் பரவவிட்டு, மூளையிலும் செல்களிலும் கந்தகக் கைகள் காவலுக்கு நின்ற பிறகு, எலும்பு ஈயத்தைக் கிளறும் இடிடிஏவைத் திறந்துவிடுகிறோம். பால்டிமோரில் ஜூலியன் சிசோம் 1960களில் நிலைநிறுத்திய கூட்டுச் சிகிச்சை இது. தனி மருந்தாகக் கொடுத்த காலத்தோடு ஒப்பிட்டால் ஈய மூளை நோயில் இறப்பு வெகுவாகக் குறைந்தது.

நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்று ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கற்பனைக் குழந்தைதான், எண்கள் மட்டும் நிலையான அளவுகள். இரண்டு வயது, எடை 12 கிலோ, உயரம் 85 சென்டிமீட்டர். வாந்தி, தூங்கி வழிதல், இரண்டு முறை வலிப்பு. இரத்த ஈயம் டெசிலிட்டருக்கு 96 மைக்ரோகிராம். வீட்டை ஒட்டிய கொட்டகையில் பழைய பேட்டரி உடைத்து உருக்குகிறார்கள். வயிற்று எக்ஸ்ரேயில் குடலில் வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன.

அந்தப் புள்ளிகளைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். குடலில் ஈயம் கிடக்கும்போது கொடுக்கிணைப்பி கொடுத்தால் அது உறிஞ்சப்படுவதற்கே வழி செய்துகொடுத்ததாக ஆகலாம். பாலிஎதிலீன் கிளைகால் கரைசலால் குடலைக் கழுவ வேண்டும். ஆனால் மூளை நோய் உள்ள குழந்தையில் அதை முடித்துவிட்டுத்தான் மருந்து என்று காத்திருக்கவும் முடியாது. மூச்சுக்குழாயைப் பாதுகாத்துக்கொண்டு இரண்டையும் சேர்த்தே நடத்துவார்கள். வலிப்பை அடக்க வேண்டும். மண்டைக்குள் அழுத்தம் ஏறியிருக்கும் என்பதால் முதுகுத் தண்டு நீர் எடுக்கக் கூடாது.

எடையையும் உயரத்தையும் பெருக்கி 3600ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் உடற்பரப்பு சுமார் 0.53 சதுர மீட்டர். டைமெர்காப்ரால் ஒரு வேளைக்குச் சதுர மீட்டருக்கு 75 மில்லிகிராம், நான்கு மணிக்கு ஒருமுறை. எனவே ஒரு வேளைக்கு 40 மில்லிகிராம். மருந்து மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் என்று வருவதால் 0.4 மில்லிலிட்டர், தசையில் ஆழமாக. நரம்பில் போடவே முடியாது, அது எண்ணெய் மருந்து. அந்த எண்ணெய் நிலக்கடலை எண்ணெய். கடலை ஒவ்வாமை உண்டா என்று கேட்காமல் ஊசியை எடுக்கக் கூடாது.

நான்கு மணி நேரம் கழித்து, இரண்டாவது டைமெர்காப்ரால் ஊசியோடு இடிடிஏ தொடங்கும். அதற்குள் குழந்தை சிறுநீர் கழித்திருக்க வேண்டும். வெளியேறும் வழி சிறுநீரகம் ஒன்றுதான், அது அடைத்திருந்தால் இடிடிஏ உள்ளேயே தங்கிச் சிறுநீரக நுண்குழலையே புண்ணாக்கும். அளவு நாளொன்றுக்குச் சதுர மீட்டருக்கு 1500 மில்லிகிராம், ஆக 800 மில்லிகிராம். குப்பியில் மில்லிலிட்டருக்கு 200 மில்லிகிராம் என்பதால் 4 மில்லிலிட்டர். இதை அப்படியே ஏற்றினால் இரத்தக்குழாய் புண்ணாகிவிடும். செறிவு மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டாமல் கரைக்க வேண்டும், அதாவது குறைந்தது 160 மில்லிலிட்டர் குளுக்கோஸ் நீரிலோ உப்பு நீரிலோ. 250 மில்லிலிட்டரில் கலந்தால் மணிக்கு சுமார் 10 மில்லிலிட்டர் வீதம் 24 மணி நேரம் ஓடும். மூளை வீக்கத்துக்காக நீரைக் கட்டுப்படுத்தும்போது இந்த 250ஐயும் நாள் கணக்கில் சேர்க்க மறந்துவிடுவார்கள், கவனம்.

இப்படி ஐந்து நாள். ஒவ்வொரு நாளும் சிறுநீர் அளவு, சிறுநீரில் புரதம், கிரியேட்டினின், கால்சியம் பார்க்க வேண்டும். கிரியேட்டினின் ஏறத் தொடங்கினால் இடிடிஏவை நிறுத்துவதுதான் வழி, பெரும்பாலும் சிறுநீரகம் மீண்டுவிடும். துத்தநாகத்தையும் இடிடிஏ கணிசமாக இழுத்துக்கொண்டு போகும். அதற்கான மாறிலியின் மடக்கை 16.5, ஈயத்துக்கு ரொம்பத் தூரமில்லை. ஐந்து நாளைத் தாண்டி இடைவெளி விடாமல் நீட்டிக்கக் கூடாது என்பதற்கு இந்த இரண்டும் காரணம்.

டைமெர்காப்ரால் பக்கம் மூன்று பொறிகள் உண்டு. ஒன்று, இரும்புச் சத்து. ஈயக் குழந்தை பெரும்பாலும் இரத்தசோகையோடுதான் வரும், யாராவது பழக்கதோஷத்தில் இரும்பு மருந்து எழுதிவிடுவார்கள். டைமெர்காப்ராலோடு இரும்பு சேர்ந்தால் உண்டாகும் கூட்டுப்பொருள் தானே ஒரு நஞ்சு, கடும் வாந்தியை உண்டாக்கும். இந்த ஐந்து நாளும் இரும்பு கூடாது. இரண்டு, ஜி6பிடி நொதிக் குறைபாடு. அப்படிப்பட்ட குழந்தையில் சிவப்பணுக்கள் உடையலாம். மூன்று, சிறுநீரின் அமிலத்தன்மை. டைமெர்காப்ரால்–உலோகப் பிணைப்பு அமிலத்தில் அவிழும். அவிழ்ந்தால் ஈயம் சிறுநீரகத்திலேயே கொட்டும். சோடியம் பைகார்பனேட்டால் சிறுநீரைக் காரமாக வைத்துக்கொள்வது அதனால்தான். நான்கு மணிக்கு ஒருமுறை என்று இடைவிடாமல் போடுவதற்கும் இதுபோன்ற காரணம் ஒன்று உண்டு. ஒரு உலோக அணுவுக்கு இரண்டு மருந்து மூலக்கூறு என்ற விகிதத்தில் பிணைப்பு உறுதியாகவும் நீரில் கரையக்கூடியதாகவும் இருக்கிறது. மருந்து குறைந்தால் ஒன்றுக்கு ஒன்று என்றாகிப் பிடி தளரும்.

ஊசி போட்ட அரை மணிக்குள் குழந்தை வீரிட்டு அழுவதும், கண்ணீர், எச்சில், வாய் எரிச்சல், படபடப்பு, இரத்த அழுத்த ஏற்றம், காய்ச்சல் வருவதும் இந்த மருந்தின் வாடிக்கை. காய்ச்சலைக் கண்டு தொற்று என்று குழம்ப வேண்டியதில்லை, ஆனால் தொற்று இல்லை என்று ஒருமுறை உறுதிசெய்துகொள்வது நல்லது.

ஐந்து நாளில் குழந்தை விழித்து, இரத்த ஈயம், உதாரணமாக, 40க்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இதோடு முடிந்தது என்று நினைத்தால் ஏமாற்றம்தான். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் எண் மறுபடி ஏறியிருக்கும். மருந்து சேர்த்துக் கழுவியது இரத்தத்தையும் மென்திசுவையும். உடம்பின் ஈயத்தில் பெரும்பகுதி எலும்பில் படிந்திருக்கிறது, அது மெல்ல வடிந்து காலியான இடத்தை நிரப்பும். இந்த எழுச்சி எலும்பிலிருந்து வந்ததா, பேட்டரிக் கொட்டகையிலிருந்து மறுபடி வந்ததா என்பதைப் பிரித்தறிய வேண்டும். சிகிச்சைக்கு முன்னிருந்த அளவையே தொட்டாலோ தாண்டினாலோ வீட்டைச் சந்தேகிக்க வேண்டும். மறுபடி 45ஐத் தாண்டினால் அடுத்த சுற்று. பெரும்பாலும் அது வாய்வழி மருந்தான சக்சிமராக இருக்கும்.

சக்சிமர் என்பது டைமெர்காப்ராலின் நீரில் கரையும் தம்பி. அதே அடுத்தடுத்த இரண்டு –SH, ஆனால் இரு முனையிலும் கார்பாக்சில் தொகுதிகள். அந்தக் கார்பாக்சில்கள் இரண்டு வேலை செய்கின்றன. மூலக்கூறை நீரில் கரைய வைத்து வாய்வழியே கொடுக்கும்படி ஆக்குகின்றன, செல்லுக்குள் நுழையவிடாமலும் தடுக்கின்றன. ஈயத்தைச் சக்சிமர் இரண்டு கந்தகத்தாலும் பிடிக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். கரைசலில் பார்த்தபோது ஈயத்தை ஒரு கந்தகம், ஒரு ஆக்சிஜன் என்று பிடிப்பதும், பாதரசத்தை மட்டும் இரண்டு கந்தகத்தாலும் பிடிப்பதும் தெரிந்தது. உடம்புக்குள்ளோ கதை இன்னும் சிக்கல்: மனிதச் சிறுநீரில் வெளிவரும் சக்சிமரில் பெரும்பகுதி சிஸ்டீனோடு கோத்துக்கொண்ட வடிவத்தில் இருக்கிறது. பாடநூலில் வரைந்த அழகான வளையப் படத்தை உடம்பும் அப்படியே பின்பற்றுகிறது என்று நம்ப வேண்டாம்.

அளவு: எட்டு மணிக்கு ஒருமுறை கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் ஐந்து நாள், பிறகு பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை பதினான்கு நாள். மேலே சொன்ன குழந்தைக்கு எடைக் கணக்கில் 120 மில்லிகிராம். உடற்பரப்புக் கணக்கில், சதுர மீட்டருக்கு 350 என்று போட்டால், 186 வருகிறது. சின்னக் குழந்தைகளில் இந்த இரண்டு கணக்கும் ஒத்துப்போகாது. எதைப் பின்பற்றுகிறோம் என்று சீட்டில் எழுதிவிடுவது நல்லது. 100 மில்லிகிராம் மாத்திரைக் கூடு திறந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அது மருந்து கெட்டதற்கு அறிகுறி இல்லை, கந்தகத்தின் வாசனை. கூட்டைத் திறந்து கஞ்சியிலோ பழக்கூழிலோ கலந்து கொடுக்கலாம். வெள்ளணுக்கள் குறைகின்றனவா, கல்லீரல் நொதிகள் ஏறுகின்றனவா என்று வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். டைமெர்காப்ராலோடு ஒப்பிட்டால் இது சாது.

இந்தச் சாது மருந்து எவ்வளவு தூரம் போகும் என்பதை வடக்கு நைஜீரியாவின் ஜம்ஃபாரா மாநிலத்தில் பார்த்தார்கள். 2010இல் அங்கே ஈயம் நிறைந்த தங்கத் தாதுவை மாவரைக்கும் எந்திரத்தில் போட்டு ஊருக்குள்ளேயே அரைத்ததில் 400க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு ஐந்து வயதுக்குட்பட்ட 1156 குழந்தைகளுக்கு மொத்தம் 3180 சுற்று சக்சிமர் கொடுத்தது. ஒரு சுற்றில் இரத்த ஈயம் சராசரியாக நான்கில் ஒரு பங்குதான் குறைந்தது. குழந்தைக்குச் சராசரியாகக் கிட்டத்தட்ட மூன்று சுற்று தேவைப்பட்டதற்குக் காரணம் இதுதான். பகேகா என்ற ஊரில் மண்ணைச் சுரண்டி அகற்றும்வரை சிகிச்சையைத் தொடங்க அவர்கள் மறுத்தார்கள். ஈயத் தூசியில் தவழும் குழந்தைக்கு மருந்து கொடுப்பது ஓட்டைப் பானையில் நீர் இறைப்பது.

இன்னொரு பக்கம், குறைந்த அளவு ஈயத்துக்கு மருந்து கொடுத்து மூளையைக் காப்பாற்றலாமா என்று அமெரிக்காவில் 780 குழந்தைகளை வைத்து ஒரு பெரிய ஒப்பீட்டு ஆய்வு நடத்தினார்கள். இரத்த ஈயம் 20 முதல் 44 வரை இருந்தவர்கள். 2001இல் வெளியான முடிவு: சக்சிமர் இரத்த ஈயத்தைக் குறைத்தது, ஆனால் அறிவுத்திறன் தேர்வில் போலி மாத்திரை எடுத்தவர்களைவிட எந்த முன்னேற்றமும் இல்லை. ஆகவே 45க்குக் கீழே மருந்து வேண்டாம், மூலத்தை அகற்றுவது மட்டும் போதும் என்பதே இன்றைய நடைமுறை. 45 முதல் 69 வரை, குழந்தை நலமாகத் தெரிந்தால், சக்சிமர். 70க்கு மேல் அல்லது மூளை அறிகுறி இருந்தால் மேலே சொன்ன இரட்டை மருந்து. டி-பெனிசில்லமைனிலும் ஒரு கந்தகக் கையும் ஒரு அமீன் கையும் உண்டு, வேறெதுவும் கிடைக்காதபோது பயன்படும். அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஏதுமில்லை.

ஆர்செனிக்குக்குத் திரும்புவோம். பாஷாணத்தை விழுங்கி வந்தவருக்கு நேரம்தான் எல்லாம். ஆர்செனிக் ஈயத்தைப் போல எலும்பில் குடியிருக்காது. சில மணி நேரத்தில் இரத்தத்தை விட்டுத் திசுக்களுக்குப் போய்விடும், சில நாளில் பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறிவிடும். எனவே பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல், வரலாறும் அறிகுறியும் பொருந்தினால் மருந்தைத் தொடங்கிவிட வேண்டும். அரிசி கழுவிய நீர்போலப் பேதி, இரத்த அழுத்தச் சரிவு, இசிஜியில் க்யூடி இடைவெளி நீளுதல் ஆகியவை அந்த அறிகுறிகள். டைமெர்காப்ரால் கிலோவுக்கு 3 முதல் 5 மில்லிகிராம், நான்கு முதல் ஆறு மணிக்கு ஒருமுறை தசையில். வாந்தியும் அதிர்ச்சியும் உள்ளவர் வாய்வழி மருந்தைத் தாங்க மாட்டார் என்பதால்தான் இன்றும் இது கையில் இருக்கிறது.

ஈயத்தில் வரமாக இருந்த டைமெர்காப்ராலின் கொழுப்புக் கரைதிறன் ஆர்செனிக்கில் சாபமாகிவிடுவதும் உண்டு. விலங்குகளில் டைமெர்காப்ரால் ஆர்செனிக்கை மூளைக்குள் ஏற்றியது. நீரில் கரையும் சக்சிமரும் அதன் உறவான டிஎம்பிஎஸ்ஸும் அப்படிச் செய்யவில்லை, மூளை ஆர்செனிக்கைக் குறைக்கவே செய்தன. ஆகவே நரம்பு வழியே ஏற்றக்கூடிய டிஎம்பிஎஸ் கிடைக்கும் நாடுகளில் அதுதான் முதல் தேர்வு. மற்ற இடங்களில் டைமெர்காப்ராலில் தொடங்கி, நோயாளி வாய்வழி எடுக்கத் தொடங்கியதும் சக்சிமருக்கு மாற்றிவிடுவார்கள். இரண்டு மூன்று வாரம் கழித்துக் கால் எரிச்சலும் மரத்துப்போதலுமாக வரும் நரம்பு நோயை இந்த மருந்துகள் திருப்புவதில்லை, தாமதமாகத் தொடங்கியவர்களில் குறிப்பாக. ஆர்சின் வாயுவை மூச்சில் இழுத்தவருக்கோ இந்த மருந்துகளால் பயனில்லை. அங்கே சிவப்பணுக்கள் மளமளவென்று உடைவதுதான் பிரச்சினை, இரத்த மாற்றுதான் சிகிச்சை.

மேற்கு வங்கத்துக் குழாய்க் கிணற்று நீரால் வரும் நாள்பட்ட ஆர்செனிக் நோய் வேறு கணக்கு. குஹ மஜும்தார் குழுவினர் அங்கேயே ஒப்பீட்டு ஆய்வு நடத்தினார்கள். 1998இல் வந்த ஆய்வில் சக்சிமர் எடுத்தவர்களும் போலி மாத்திரை எடுத்தவர்களும் ஒரே அளவில்தான் தேறினார்கள். இரு தரப்புக்கும் பொதுவாக நடந்தது, மருத்துவமனையில் சுத்தமான நீர் குடித்ததுதான். பின்னர் டிஎம்பிஎஸ் வைத்துச் செய்ததில் ஓரளவு பலன் தெரிந்தது.

கடைசியாக ஒரு சோதனை முறையைப் பற்றி. சில தனியார் ஆய்வகங்கள் முதலில் சக்சிமரோ டிஎம்பிஎஸ்ஸோ கொடுத்துவிட்டு, பிறகு சிறுநீர் பிடித்து, 'உங்கள் உடம்பில் உலோகம் மிகுதி' என்று சிவப்பு மையில் அறிக்கை தருகின்றன. கொடுக்கிணைப்பி கொடுத்தால் யாருடைய சிறுநீரிலும் ஈயம் கூடத்தான் செய்யும், நலமாக இருப்பவருக்கும் அப்படியே. அந்த அறிக்கையில் ஒப்பிடப் பயன்படுத்தும் இயல்பளவோ மருந்து எடுக்காதவர்களிடமிருந்து வந்தது. எனவே ஈயத்துக்கு மருந்து தொடாத நிலையில் நரம்பிலிருந்து எடுத்த இரத்தம் மட்டுமே கணக்கு. விரல் நுனியில் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டிய தூசியே எண்ணை ஏற்றிவிடும். ஆர்செனிக்குக்கு மருந்தில்லாத சிறுநீர், அதுவும் நான்கைந்து நாள் மீன், இறால், நண்டு தின்னாமல் பிடித்தது. கடலுணவிலுள்ள ஆர்செனோபீட்டைன் தீங்கற்றது, ஆனால் மொத்த ஆர்செனிக்கை அளக்கும் கருவிக்கு அந்த வித்தியாசம் தெரியாது.